பெருமூச்சு விட மறந்த மெஷின்

பயில்வான் என்று பேர் வாங்கியவன் பயப்படக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நம் பயில்வானுக்கு அப்படி ஒரு நினைப்பு. அதனால்தான் தோள்பட்டையில் சுளுக்கு என்று சொல்லிவிட்டுப் பேக்கிங் பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாத்திரத் தொழிற்சாலை அது. எவர்சில்வர் டப்பாக்கள் செய்கிறார்கள். டப்பா ஒரு பக்கம் தயாராகும், மூடி ஒரு பக்கம் தயாராகும், கடைசியில் இரண்டும் பேக்கிங்கில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்ளும். பயில்வான் மூடிக்காரன். வட்டத் தகட்டை அச்சில் வைத்து மூடியாக அழுத்தும் பிரஸ் மெஷின் அவனுடையது. இப்போது டப்பாவுக்கும் மூடிக்கும் நடுவே தாள் செருகிக்கொண்டிருந்தான்.

"சுளுக்கு எந்தத் தோள்ல?" என்று கேட்டாள் பேக்கிங்கில் இருந்த ஒருத்தி.

"வலது தோள்ல."

"காலையில இடதுன்னீங்களே?"

"பரவிடுச்சு" என்றான் பயில்வான். பேக்கிங் பகுதியே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். சிரிப்பதற்கு மட்டும் அவனுக்கு எந்தச் சுளுக்கும் இல்லை.

உண்மையில் நடந்தது வேறு.

அந்த மெஷினில் மேலிருந்து இறங்கி அழுத்தும் பாகத்தை எல்லோரும் 'தலை' என்பார்கள். மெஷினுக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் தலை இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்வரை அச்சுக்குள் போக முடியாது. தலை அடித்துவிட்டு மேலே ஏறி, உச்சியில் நின்றுவிடும். நிற்கும்போது மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு வால்வு உள்ளே அடைத்திருந்த காற்றை வெளியே விடும். 'புஸ்ஸ்!' என்று ஒரே சத்தம். காற்று போனால்தான் மோட்டாரோடு தலையை இணைக்கும் கிளட்ச் விடும், பிரேக் பிடிக்கும், தலை நிற்கும். அந்தப் புஸ்ஸைக் கேட்ட பிறகுதான் பயில்வான் மூடியை எடுக்கக் கையை நீட்டுவான். அது சட்டமல்ல, அவன் பழக்கம். காதும் கையும் ஒரு தாளத்தில் ஓடும்.

அன்றைக்கு வேலை ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. தகடு, பொத்தான், தலை, மூடி. தகடு, பொத்தான், தலை, மூடி. நடுவே ஒரு மூடி அச்சில் சிக்கிக்கொண்டது. இடுக்கியால் எடுக்க வேண்டியதை அவசரத்தில் விரலால் நெம்பினான். பொத்தானை விட்டுவிட்டான், தலை மேலே போய்விட்டது, அவன் கணக்கில் எல்லாம் சரி. அப்போது யாரும் கேட்காமலே தலை மறுபடி இறங்கியது.

கையை இழுத்தது அவனல்ல. கை தானாகவே இழுத்துக்கொண்டது. அழுத்தத்தில் கையுறையின் நடுவிரல் நுனி மாட்டிக்கொண்டது. விரல் அதற்குள் இல்லை; கையுறை ஒரு அளவு பெரிது. விரல் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவே அரை அங்குலம் இருந்திருக்குமா? பயில்வான் பார்த்துக்கொண்டே நின்றான். மூடியின் நடுவே துணி பதிந்து, அழகாக அச்சாகிக் கிடந்தது.

பக்கத்து மெஷினில் இருந்த, மூக்குக்கண்ணாடியால் பேர் வாங்கிய கண்ணாடி அக்கா அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி ஓடி வந்தாள். "தம்பி, விரலை எண்ணு!" என்றாள்.

அவன் எண்ணினான். பத்தும் இருந்தன. மறுபடி எண்ணினான். அப்போதும் பத்துதான்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஃபிட்டர் தொடுவதற்கு முன்னால் மெஷினைத் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். எண்ணெய் வழியும் மெஷினில் கை வைத்து ஒரு ஃபிட்டர் வழுக்கி விழுந்த நாளிலிருந்து வந்த பழக்கம். அன்றும் அப்படியே துடைத்தார்கள், சுற்றிக் கிடந்த பழந்துணியையெல்லாம் வாரிப் போட்டார்கள். அதன் பிறகு ஃபிட்டர் ஒல்லி வந்தான். பேருக்கேற்ற ஆள், பக்கவாட்டில் நின்றால் தேட வேண்டும். பொத்தான்களைப் பார்த்தான், மின் இணைப்பைப் பார்த்தான், தலையை ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். உச்சியில் கோடு போட்டது போல நின்றது.

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றான்.

"நல்லா இருக்கிற மெஷின் என் கையுறையை ஏன்டா கடிச்சது?"

"ஒருவேளை உங்க முழங்கை பொத்தான்ல பட்டிருக்குமோ?"

"ரெண்டு பொத்தான்லயுமாடா? எனக்கு என்ன நாலு கையா?"

ஒல்லி தலையைச் சொறிந்தான். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாகிவிட்டது. சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். "கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். பயில்வான் எல்லோருக்கும் முன்னால் சுளுக்கு என்றான். சூப்பர்வைசரும் சுளுக்கு என்றே எழுதிக்கொண்டார்.

சுளுக்கு வீட்டுக்கும் வந்தது. கதவு மூடும்போது அவன் கை சட்டைப்பைக்குள் போய்விடும். மேசை இழுப்பறையை மகளைக் கூப்பிட்டு மூடச் சொல்வான். காய் நறுக்கும் பலகை பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு படுத்தான், யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

அவன் மனைவி பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நூறு பேர் முகத்தைப் பார்த்து, யார் சீட்டு வாங்கினான், யார் ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடிக்கிறவள். வீட்டுக்குள் இருக்கும் ஒரு முகத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு எத்தனை நேரம் ஆகும்?

"என்னங்க, சுளுக்குக்கும் கதவுக்கும் என்ன பகை?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"சரி. டிக்கெட் எடுக்காம எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்க்கிறேன்."

அதற்கு மேல் தோண்டவில்லை. இறங்கும் இடம் வந்தால் தானே இறங்குவார் என்று விட்டுவிட்டாள்.

இறங்கும் இடம் சூப்பர்வைசர் வழியாக வந்தது. ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது பயில்வானை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மூடி தட்டுப்பாடா இருக்கு. உங்க பிரஸ்ல நாளைலேர்ந்து கண்ணாடி அக்காவைப் போடப் போறேன். உங்களுக்கும் பேக்கிங்தான் ஒத்துப்போகுதுன்னு தெரியுது. நிரந்தரமா அங்கேயே இருந்துடுங்களேன்?"

பயில்வான் தலையாட்டினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பாதித் தெரு வந்த பிறகுதான் கண்ணாடி அக்கா என்ற பெயர் காதுக்குள் விழுந்தது. அந்த அச்சுக்குள் கண்ணாடி அக்காவின் கை. எப்போதும் யாருக்காவது எதையாவது நீட்டிக்கொண்டே இருக்கும் கை.

வீட்டுக்கு வந்தால் அடுப்பில் குக்கர். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். "குக்கரைப் பார்த்துக்கோங்க, விசில் வந்தா அணைச்சிடுங்க!" என்று உள்ளேயிருந்து குரல்.

பயில்வான் அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டான். விசில் வரவில்லை. 'ஸ்ஸ்ஸ்ஸ்...' என்று நீளமாக, சோம்பேறித்தனமாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அவன் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. ஏன் என்று அவனுக்கே புரியவில்லை.

மனைவி தலையில் துண்டோடு வந்து அடுப்பை அணைத்தாள். "ஓட்டையில பருப்பு அடைச்சிருக்கு. அதான் புஸ்ஸுன்னு வராம இழுக்குது. உள்ள இருக்கிற அழுத்தம் வெளியே போக வழியில்ல பாருங்க... என்னங்க? ஏன் இப்படி நிக்கிறீங்க?"

பயில்வான் நாற்காலியில் உட்கார்ந்தான். "அன்னிக்கு மெஷின் புஸ்ஸுன்னு சொல்லல" என்றான்.

"எந்த மெஷின்?"

அப்போது சொன்னான். சுளுக்கு இல்லை, கையுறை, அரை அங்குலம், நாளைக்குக் கண்ணாடி அக்கா, எல்லாம். மனைவி அவன் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டிக்கெட் சரியா இருக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த மகளும் சிரித்தாள்.

"ஒவ்வொரு அடிக்கும் புஸ்ஸுன்னு பெருமூச்சு விடும்மா. அன்னிக்கு அது குக்கர் மாதிரிதான் இழுத்துச்சு. எனக்குக் காது கேட்டிருக்கு, புத்திக்குத்தான் ஏறல. மூடி சிக்கிக்கிச்சேன்னு அவசரத்துல கையை விட்டுட்டேன்."

"இதை ஃபிட்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இப்பத்தானே எனக்கே தெரியுது!"

"நாளைக்கு முதல் வேலையா சொல்லுங்க. அந்த அக்கா மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி."

மறுநாள் காலை பயில்வான் அவ்வளவு வேகமாக சைக்கிள் மிதித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பிரஸ் பகுதிக்குள் நுழைந்து, மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. ஆள் உள்ளே போகச் சொல்கிறான், கால் மாட்டேன் என்கிறது. கண்ணாடி அக்கா கையுறை மாட்டிக்கொண்டு, முதல் தகட்டை எடுத்துவிட்டாள்.

"அக்கா! வேண்டாம்க்கா!"

அவன் போட்ட சத்தத்தில் நாலு மெஷின் நின்றது. ஒல்லி வாயில் டீயோடு ஓடி வந்தான். சூப்பர்வைசரும் வந்தார். பயில்வான் கோட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னான். "அது வெறும் சத்தம்தானேன்னு நினைக்காதீங்க. புஸ்ஸுன்னு வராம ஸ்ஸ்ஸ்ஸுன்னு இழுத்துச்சு. அதுக்கப்புறம்தான் தலை இறங்குச்சு."

ஒல்லி டீயை விழுங்கினான். முகம் மாறியது. "அண்ணே, திருப்பிச் சொல்லுங்க. இழுத்துச்சா?"

"இழுத்துச்சு."

"காத்து வெளியே போகலேன்னா கிளட்ச் விடாது, பிரேக் பிடிக்காது. தலை நிக்காம சுத்தி வந்துடும்..." அவன் பேசிக்கொண்டே மெஷினின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்தான். காற்று வெளியே வரும் வாயில், சத்தத்தைக் குறைக்கப் பொருத்தியிருந்த உருளையின் மேல், புதிதாக ஒரு துணி கட்டியிருந்தது. பூப்போட்ட துணி. முடிச்சுகூட அழகாகப் போட்டிருந்தது.

"இது யாரு கட்டினது?"

கண்ணாடி அக்காவின் கை தானாக வாய்க்குப் போனது. "நான்தான்டா. என் பக்கம்தானே அது ஊதுது! ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் திவலையா வந்து கண்ணாடியில படியும். துடைச்சுத் துடைச்சு ஓய்ஞ்சு போய்த் துணி கட்டினேன். பழையதை அன்னிக்குச் சுத்தம் பண்றப்ப தூக்கிப் போட்டுட்டாங்க. என் இடத்துல உட்காரப் போறவங்க மேல தெறிக்கக் கூடாதேன்னு இன்னிக்குக் காலையில வேற கட்டினேன்."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

ஒல்லிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அவன் சோதித்த அன்று துணி போய்விட்டிருந்தது. அதிலும் ஒவ்வொரு அடிக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். காற்று கசிந்து போக நிறைய நேரம் கிடைத்தது. பயில்வானோ இடைவிடாமல் ஓட்டுகிறவன்.

"சோதிச்சுப் பார்த்துடுவோம்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது."

மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி ஒல்லி அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டான். அணைத்த பிறகும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது; அது முழுக்க நிற்கும்வரை காத்திருந்தான். தலைக்குக் கீழே தடுப்புக் கட்டையை முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை நீட்டினான். தலையை ஏற்றி இறக்கும் சுழல் தண்டின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டான். உச்சியில் நின்றால் கோடு நேராக நிற்கும். பூப்போட்ட துணியை அவிழ்த்து, பழைய துணி ஊறியிருந்தது போல எண்ணெயில் முக்கி, மடித்துக் கட்டினான். கட்டையை எடுத்து, பூட்டைத் திறந்தான். பொத்தான்களை நீளமான வயரில் வெளியே இழுத்து வந்தான்.

"அச்சுல எதையாவது வைக்கணுமே" என்றான் ஒல்லி.

கண்ணாடி அக்கா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினாள். "என் பாவத்துக்கு இதாவது போகட்டும்."

"இதை வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் அடி" என்று ஒல்லி ஓட்டினான். முதல் சில அடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாக்பீஸ் கோடு உச்சியைத் தாண்டிக் கொஞ்சம், அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் தாண்டி நின்றது. நிறுத்தி, மறுபடி பூட்டிக் கட்டையை முட்டுக்கொடுத்து, நீளமான இடுக்கியால் வெள்ளரிக்காயை அச்சில் படுக்க வைத்து, கட்டையை எடுத்துவிட்டு வெளியே வந்தான். இந்த முறை பயில்வான் ஓட்டும் வேகத்தில், விட்டுவிட்டு உடனே அழுத்தினான். வெள்ளரிக்காய் முதல் அடியிலேயே கூழாகிவிட்டது. அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே போய், சட்டென்று பொத்தானை விட்டுக் கையை மேலே தூக்கிக் காட்டினான்.

'ஸ்ஸ்ஸ்ஸ்...'

தலை உச்சிக்குப் போனது. நிற்கவில்லை. தாண்டியது. யாரும் தொடாமல், கடனே என்று மறுபடி இறங்கி, கூழை இன்னொரு தடவை அரைத்துவிட்டுப் போனது.

வெள்ளரிச் சாறு சூப்பர்வைசரின் சட்டை வரை தெறித்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று கத்தினான் பயில்வான். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பைத்தியம் இல்லை, முழங்கை இல்லை, நாலு கையும் இல்லை. தான் கேட்டது உண்மை. ஒல்லி ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். பயில்வானைச் சுற்றி அவன் கை பாதிதான் எட்டியது.

கண்ணாடி அக்கா மட்டும் ஒதுங்கி நின்றாள். பயில்வான் அவளிடம் போனான்.

"அக்கா, உங்க கண்ணாடியில எண்ணெய் தெறிக்குதுன்னு நீங்க எத்தனை தடவை சொன்னீங்க? நாங்கதான் 'துடைச்சுக்கோங்க'ன்னு சிரிச்சோம்."

"அதுக்காக உன் விரலை வாங்கப் பார்த்தேனே தம்பி..."

"கிடைக்கலையே. கஞ்சன் நானு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கண்ணாடி மங்கிவிட்டது. அதை இந்த முறை பயில்வான் துடைத்துக் கொடுத்தான்.

மெஷினைப் பூட்டிப் போட்டார்கள். புதுப் பாகங்கள் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "மூடி தட்டுப்பாடு?" என்று யாரோ கேட்டதற்கு, "டப்பா கொஞ்ச நாள் திறந்தே இருக்கட்டும்" என்றார். காற்று வெளியேறும் வாயில் அகலமான குழாய் போட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோனார்கள். இனி யார் கண்ணாடியிலும் தெறிக்காது. ஒரு வால்வுக்குப் பதில் ஜோடி வால்வு வைத்தார்கள். ஒன்று சொதப்பினாலும் மற்றது காற்றை விடும், மெஷினும் அடுத்த அடிக்கு மறுக்கும். தலை உச்சியைக் கொஞ்சம் தாண்டி நின்றாலும் கண்டுபிடித்துத் தடுக்கும் ஒரு கருவி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஒரு கதவு. அது மூடினால்தான் தலை அசையும். தலை உச்சியில் நின்று, நின்றது நிஜம்தான் என்று உறுதியான பிறகுதான் திறக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது. மெஷினுக்கு. பயில்வானுக்கு ஆகவில்லை.

அதுதான் அவனுக்கு ஆச்சரியம். காரணம் தெரிந்துவிட்டது, கதவு வந்துவிட்டது, புத்தி சரி என்கிறது. மஞ்சள் கோட்டில் கால் மட்டும் நிற்கிறது. வெட்கமாகக்கூட இருந்தது. இந்த முறை சுளுக்கு என்று சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "எனக்கு அந்த மெஷின்கிட்ட போகப் பயமா இருக்கு சார். ஆனா மூடிதான் எனக்குப் பிடிக்கும்" என்றான்.

"அப்போ மெதுவா போவோம்" என்றார் அவர். "எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். கேள்வி கேட்க மாட்டேன்."

முதலில் மெஷின் அணைந்திருக்கும்போது கோட்டைத் தாண்டி நின்றான். சும்மா நின்றான். கண்ணாடி அக்கா பக்கத்தில் நின்று, தன் பையனின் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். இன்னொரு நாள் ஒல்லி மெஷினை ஓட்ட, இவன் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு மூடும், தலை இறங்கும், ஏறும், 'புஸ்ஸ்!', கதவு திறக்கும். பயில்வான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புஸ்ஸையே கேட்டான். அப்புறம் தகடு வைக்காமல் தானே அழுத்தினான். முதல் அடிக்கு நெற்றியில் வியர்வை. நாலைந்து அடிக்குப் பிறகு கொட்டாவி வந்தது. "பயம் போய்த் தூக்கம் வருது" என்றான். ஒல்லி, "நல்ல முன்னேற்றம்" என்றான்.

தகடு வைத்த நாள், பேக்கிங்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பயில்வான் தகட்டை இடுக்கியால் வைத்தான். கதவு மூடியது. இரண்டு பொத்தான். தலை இறங்கியது. 'புஸ்ஸ்!' கதவு திறந்தது. பளபளவென்று ஒரு மூடி. அதை இடுக்கியால் எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், கோப்பை வாங்கினவன் போல. கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள்.

"பேக்கிங்குக்கு நஷ்டம்" என்றாள், சுளுக்கு எந்தத் தோளில் என்று கேட்ட பழைய கேள்விக்காரி.

மத்தியானத்துக்குள் தாளம் பிடித்துவிட்டது. தகடு, கதவு, பொத்தான், தலை, மூடி. பயில்வான் முணுமுணுத்துப் பாடவும் ஆரம்பித்துவிட்டான். அப்போது ஒரு அடிக்குப் புஸ் கொஞ்சம் தடித்துக் கேட்டது. கொஞ்சம்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

பயில்வான் அவசர நிறுத்தத்தை அழுத்தினான். மெஷின் அடங்கியது. பிரஸ் பகுதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்பென்றால் காது சிவந்திருக்கும். இப்போது கையை உயர்த்தி, "ஒல்லி! சத்தம் வேற மாதிரி வந்துச்சுடா, வா பாரு!" என்றான்.

ஒல்லி ஓடி வந்தான். பூட்டைப் போட்டான், தேடினான், குழாயைத் தட்டினான், காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்தான். அதில் தேங்கியிருந்த தண்ணீர் 'களக்' என்று கொட்டியது.

"கொஞ்சம் தண்ணிதான்ணே. ஆபத்து ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. ஆனா விட்டிருந்தா நாளைக்கு வால்வுல துரு பிடிச்சிருக்கும்."

கண்ணாடி அக்கா சிரித்தாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார், திரும்பிப் போய்விட்டார். கேள்வி கேட்கவில்லை. பயில்வான் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பயத்தில் வந்த வியர்வையா, வெக்கையில் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவசரமில்லை. ஒல்லி பூட்டை எடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பயில்வான் அடுத்த தகட்டை எடுத்தான்.